சார்ஜ் ஏறாத இரண்டு போன்கள்: ஒன்றில் பஞ்சு, ஒன்றில் விரிசல்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை. கேபிளைச் செருகினால் போன் பிடித்துக்கொள்ளாது. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். உடனே "சார்ஜிங் பின் போயிடுச்சு" என்று முடிவுகட்டிக் கடைக்குப் போகிறோம். சமீபத்தில் என் போனுக்கும் மாமாவின் போனுக்கும் அடுத்தடுத்து இதே கோளாறு வந்தது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. என்னுடையது வீட்டிலேயே சரியானது, மாமாவுடையதைக் கடையில் கொடுக்கவேண்டியிருந்தது. எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டுமே டைப் சி போன்கள்.

முதலில் என் போன். நான் கட்டிங் பிரிவில் இருப்பவன். நாள் முழுக்கக் காற்றில் பஞ்சு பறக்கும். சட்டைப் பையில் இருக்கும் போனின் ஓட்டைக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். பஞ்சு தானாக உள்ளே அடைத்துக்கொள்வதில்லை, அதை உள்ளே தள்ளி அமுக்குவது நாம் செருகும் கேபிள்தான். ஒவ்வொரு முறை செருகும்போதும் ஓட்டையின் அடிச்சுவரில் பஞ்சு அழுந்தி, நாளடைவில் கம்பளித் தகடுபோல இறுகிவிடுகிறது.

கேபிள் முனையின் உலோகப் பகுதி ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். அது முழுவதும் உள்ளே போனால்தான் பிடிப்பு கிடைக்கும். டைப் சி-யில் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் போனில் இல்லை, கேபிள் முனையின் இரு பக்கமும் உள்ளே இருக்கிறது. போனின் ஓட்டைக்குள் நடுவில் மெல்லிய நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரு ஓரங்களிலும் உள்ள பள்ளத்தில் அந்த ஸ்பிரிங் போய் உட்கார வேண்டும். அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பஞ்சு சேர்ந்தாலே முனை அந்தப் பள்ளத்தை எட்டாது. 'டக்'கென்ற உணர்வு இல்லாமல் போவதும், கேபிள் தானாக நழுவுவதும் இதனால்தான்.

என் போனில் முதலில் காணாமல் போனது வேகமான சார்ஜிங். திரையில் `Charging rapidly` என்று வருவது நின்று, வெறும் `Charging` என்று வந்தது. அதற்கும் காரணம் உண்டு. உள்ளே உள்ள நாக்கில் மேலே 12, கீழே 12 என்று 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மின்சாரம் வரும் முனைகள் முதலில் தொடும்படியும், சார்ஜரும் போனும் பேசிக்கொள்ளும் முனைகள் சற்று உள்ளே தள்ளித் தொடும்படியும் வைத்திருக்கிறார்கள். கேபிள் அரைகுறையாக நிற்கும்போது மின்சாரத்துக்கு வழி கிடைத்தாலும் பேச்சு சரியாக நடக்காது.

போனைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்கிறது. கேபிளைச் செருகிவிட்டு, போனின் விளிம்புக்கும் கேபிளின் பிளாஸ்டிக் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். என் போனில் உலோகம் பளிச்சென்று வெளியே தெரிந்தது. அதே கேபிளைத் தங்கையின் போனில் செருகினால் ஒட்டி உட்கார்ந்தது. அப்போதே பஞ்சு என்று உறுதியாகிவிட்டது. உறையின் விளிம்பு தடித்து இருந்தாலும் இப்படி நிற்கும் என்பதால், உறையைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பார்க்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலரும் செய்வது, மிஷின் துடைக்கும் கம்ப்ரசர் காற்றை ஓட்டைக்குள் அடிப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தக் காற்று 6 முதல் 8 பார் அழுத்தத்தில் வருகிறது. குழாயில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் அதோடு சேர்ந்து வரும். ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னத் துளை மைக்குக்கானது, அதன் மெல்லிய சவ்வு இந்த அழுத்தத்தைத் தாங்காது. இறுகிய பஞ்சோ இதற்கெல்லாம் அசைவதுமில்லை. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். ஊசி, குண்டூசி, சிம் எடுக்கும் கம்பி மூன்றும் கூடவே கூடாது. உலோகம் இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகலாம். முனைகளின் தங்கப் பூச்சு ஒருமுறை சுரண்டுப்பட்டால் அங்கே பிறகு அரிப்பு பிடிக்கும்.

நான் எடுத்தது மரத்தாலான பல்குத்தும் குச்சி. நாக்குக்கும் ஓட்டையின் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குச்சி அப்படியே உள்ளே போகாது, முனை உடைந்து உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் பிளேடால் இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கிக்கொண்டேன். போனை அணைத்து, ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, பக்கத்தில் இன்னொரு போனின் டார்ச்சை வைத்துக்கொண்டேன்.

குச்சியை நாக்கின் மேல் உரசக்கூடாது, வெளிச்சுவரை ஒட்டியே உள்ளே விடவேண்டும். அடியைத் தொட்டதும் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி, பிறகு வெளியே இழுக்கவேண்டும். குத்தினால் பஞ்சு இன்னும் இறுகும். நாக்கை நெம்புகோலாக வைத்துத் தூக்கவே கூடாது, அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. முதலில் ஒன்றும் வராததுபோலத் தோன்றும். இரண்டு மூலைகளிலும்தான் பஞ்சு அதிகம் இருக்கும், அங்கே ஓரம் பெயர்ந்துவிட்டால் மீதி ஒரே துண்டாக வரும். என் போனில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தகடு அப்படியே வந்தது. மேல்பக்கம் முடிந்ததும் கீழ்பக்கமும் இதேபோலச் செய்தேன். பிறகு கேபிளைச் செருகினால் 'டக்'கென்று உட்கார்ந்தது. போனை இயக்கியதும் `Charging rapidly` திரும்ப வந்தது.

டார்ச்சில் பார்க்கும்போது முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அது வியர்வையாலோ தண்ணீராலோ வந்த அரிப்பு. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பார்க்கலாம். கருகிய தடமோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அதற்குமேல் கேபிளைச் செருகவே வேண்டாம், நேராகக் கடைதான்.

இனி மாமாவின் போன். படுத்துக்கொண்டே சார்ஜில் போட்டுப் படம் பார்ப்பது அவர் வழக்கம். கேபிள் முனை நெஞ்சில் ஊன்றி வளைந்திருக்கும். ஒருமுறை கேபிளோடு சேர்ந்து கட்டிலிலிருந்து கீழேயும் விழுந்திருக்கிறது. "உன் போனைச் சரிபண்ணுனியல்ல, இதையும் பார்த்துக் குடு மாப்ள" என்று கொடுத்தார். அதே முறையில் சுத்தம் செய்தேன். வந்தது கொஞ்சம் தூசுதான். கேபிள் ஏற்கெனவே முழுவதும் உள்ளே போய் ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தது. அப்படியிருந்தும் சார்ஜ் விட்டுவிட்டு வந்தது.

அப்போது சந்தேகப்பட வேண்டியது கேபிளை. பிடிப்பு ஸ்பிரிங் கேபிளில்தான் இருக்கிறது என்பதால், பழைய கேபிள் தளர்ந்தாலும் போன்தான் தளர்ந்ததுபோலத் தெரியும். புதுக் கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, கோளாறு போகவில்லை. அடுத்து கேபிளைத் திருப்பிப் போட்டேன். டைப் சி-யில் ஒரு பக்கமாகச் செருகும்போது ஒரு பேச்சு முனையும், திருப்பிச் செருகும்போது இன்னொன்றும் வேலை செய்கின்றன. எந்தக் கேபிளைப் போட்டாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால், போனில் ஒரு பக்கத்து முனை அழுக்காகியிருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது என்று அர்த்தம். மாமாவின் போனில் இரண்டு பக்கத்திலும் ஒரேமாதிரி விட்டுவிட்டு வந்தது. கேபிளை லேசாக மேல்நோக்கித் தூக்கினால் சார்ஜ் நின்றது, கீழே அழுத்தினால் வந்தது. கடைசியாகப் போனை அணைத்துவிட்டு, ஓட்டையின் உலோகக் கூட்டைக் குச்சியால் மெதுவாகத் தொட்டேன். டார்ச் வெளிச்சத்தில் கூடே அசைந்தது நன்றாகத் தெரிந்தது. அது அசையவே கூடாத இடம். இதற்குமேல் சுத்தம் செய்வதில் பலனில்லை.

அந்தக் கூடு நான்கு கால்களால் சர்க்கியூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கேபிளை வளைக்கும் விசை முழுவதும் அந்தக் கால்களில்தான் விழுகிறது. பற்றில் விரிசல் விட்டால் கூடு ஆடும், அதற்குப்பிறகு விசை சின்ன முனைகளுக்குப் போய் அவையும் பெயரும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் போகும்போது சூடும் ஏறும். கேபிளுக்கு முட்டுக்கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான். போர்டில் உள்ள செப்புத் தளமே பிய்ந்துவிட்டால் வேலையும் செலவும் பெரிதாகிவிடும்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "வேற கேபிள்ல பார்த்தீங்களாண்ணா?" என்பதுதான். இதைக் கேட்காமல் போனைத் திறக்கிற கடையில் நான் கொடுக்கமாட்டேன். திறந்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். இரண்டு கால்களைச் சுற்றி வளையம்போல விரிசல். நல்லவேளையாக இந்த போனில் சார்ஜிங் பின் மெயின் போர்டில் இல்லை, கீழே தனியாக இருக்கும் சின்ன போர்டில் இருந்தது. கடைகளில் அதை சிசி போர்டு என்கிறார்கள். கால்களை மறுபடி பற்றவைக்கலாம், அல்லது சிசி போர்டையே மாற்றலாம் என்றார். ஒரு காலுக்கு அடியில் தளம் கொஞ்சம் தூக்கியிருந்ததால் பற்றவைத்தாலும் நிற்காது என்பது அவர் கணிப்பு. பார்த்தபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. மாற்றச் சொன்னோம். கூலியோடு 600 ரூபாய் ஆனது. பின் மெயின் போர்டிலேயே இருந்தால் சூடான காற்று மெஷினில் கழற்றி மாற்றவேண்டும், அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும், கூலியும் கூடும்.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே சிலவற்றைச் சோதித்தோம். கேபிளை இரண்டு பக்கமும் போட்டு `Charging rapidly` வருகிறதா என்று பார்த்தோம், ஏனென்றால் மட்டமான சிசி போர்டுகளில் சார்ஜ் ஏறும், ஆனால் வேகம் இருக்காது. மைக்கும் பெரும்பாலும் அதே போர்டில் இருப்பதால் ஒரு அழைப்பு போட்டுப் பேசினோம். சிக்னல் வயர் அதில் வந்து சேரும் போன்களும் இருப்பதால் டவர் அளவையும் பார்த்துக்கொண்டோம். கணினியில் இணைத்தால் கோப்புகள் தெரிகின்றனவா என்பதையும் கடையிலேயே பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. பின்பக்க மூடியைத் திறந்தபோது தண்ணீர் புகாமல் காக்கும் பசை போய்விட்டது, புதிதாக ஒட்டியிருந்தாலும் பழையபடி நம்பமுடியாது, மழையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் மாமாவிடம் சொல்லி அனுப்பினார்.