அப்பத்தாவின் முறுக்கு டப்பாவும் மூன்று வரி அட்டவணையும்

கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தாவின் மாத்திரைகள் பழைய முறுக்கு டப்பா ஒன்றில் இருக்கும். அவருக்கு வயது 81. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். காரைக்குடி டாக்டரிடம் போகுமுன், எந்த மருந்து எதோடு ஒத்துப்போகாது என்று பார்க்க எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன்.

மருந்துச் சீட்டுகளைப் பார்த்து எழுதியதுதான் முதல் தப்பு. சீட்டுகளில் எட்டு மருந்து, டப்பாவில் பத்து. அதில் ஒன்றின் அட்டையைக் கடையில் வெட்டிக் கொடுத்ததால் பெயரே இல்லை.

"அது மூட்டு மாத்திரைப்பா. வலிச்சா மட்டும்தான் போடுவேன்."

"எப்பல்லாம் வலிக்குது அப்பத்தா?"

"தினமும்தான்."

கடையில் கேட்டதில் அது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் பாரசிட்டமாலும் சேர்ந்தது என்று தெரிந்தது. பிரஷர் மாத்திரையின் பின்பக்கப் பொடி எழுத்திலும் இரண்டு பெயர்கள்: டெல்மிசார்டன், குளோர்தாலிடோன். பின்னது நீர் பிரிய வைப்பது. பிராண்டுப் பெயரோடு நின்றிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

இணையத்தில் சரிபார்த்தபோது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகள் என்று பதின்மூன்று ஜோடிகள் வந்தன. பாதிக்கு மேல் 'மிதமான' எச்சரிக்கை. அதை அப்படியே நீட்டினால் எந்த டாக்டரும் படிக்கமாட்டார். நடந்தால் எவ்வளவு மோசம், இரண்டையும் இப்போது தினமும் சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்து வரிசைப்படுத்தினேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அவருக்கு ஏற்கெனவே சற்றுக் கூடுதல்.

| வரிசை | மருந்துகள் | கவலை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| 1 | வார்ஃபரின், அசிக்ளோஃபெனாக் | வயிற்றில் ரத்தக் கசிவு | கறுத்த மலம், தலைசுற்றல் |
| 2 | டெல்மிசார்டன், குளோர்தாலிடோன், அசிக்ளோஃபெனாக் | சிறுநீரகப் பாதிப்பு | சிறுநீர் குறைதல், கிரியாட்டினின் |
| 3 | தைராக்சின், கால்சியம் | தைராக்சின் உடம்பில் சேராமை | நான்கு மணி நேர இடைவெளி |

இரண்டாவது வரி இணையப் பட்டியலில் இல்லவே இல்லை. அது ஜோடி ஜோடியாகத்தான் பார்த்தது. இங்கே மூன்றும் சேரும்போதுதான் சிக்கல்.

முதல் வரியை ஏறக்குறைய கீழே தள்ளியிருப்பேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் போன வாரம் 2.6, அவருக்குச் சொன்ன 2 முதல் 3 என்ற அளவுக்குள்தான் இருந்தது. தாளைப் பார்த்த டாக்டர் அந்த இடத்தில்தான் என்னைத் தடுத்தார். வலி மாத்திரை இரைப்பையின் உட்பூச்சைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். ஐஎன்ஆர் சரியாக இருந்தாலும் கசியலாம் என்றார். அப்பத்தா இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுவதால் மலம் எப்படியும் கறுப்பாகத்தான் போகும். அதனால் அந்த அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஹீமோகுளோபின் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

அசிக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, வலிக்குத் தனிப் பாரசிட்டமால் கொடுத்தார். சரி, முடிந்தது என்று தாளை மடித்தேன். "மடிக்காதீங்க, அதையும் எழுதுங்க" என்றார். பாரசிட்டமாலைத் தினமும் தொடர்ந்து போட்டால் ஐஎன்ஆர் ஏறலாமாம். ஒரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. அதை நான்காவது வரியாக எழுதிக்கொண்டேன்.