கிரயப் பத்திரத்தில் பரப்பளவை எடுப்பது

பழைய கிரயப் பத்திரங்களின் ஸ்கேன் பக்கங்களை மென்பொருளைக் கொண்டு படித்து, விவரங்களை அட்டவணையில் ஏற்றுவது எங்கள் குழுவின் வேலை. எந்தெந்த விவரத்தை எடுக்க வேண்டும், எதை எந்தப் பெயரில் வைக்க வேண்டும் என்ற வரையறையை ஸ்கீமா என்கிறோம். ஆயிரக்கணக்கில் பத்திரங்கள் வரும்போது எல்லோருக்கும் உடனே ஓடவிட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றும். நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. முதலில் நாற்பது பத்திரங்களை எடுத்து வைத்துக்கொள்வேன்.

அந்த நாற்பதைக் கட்டின் மேலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. மேலே இருப்பவை பெரும்பாலும் ஒரே சார்பதிவாளர் அலுவலகத்தில், ஒரே காலத்தில் பதிவானவையாக இருக்கும். கையெழுத்தில் எழுதியது, தட்டச்சு செய்தது, கணினியில் அச்சிட்டது, ஒரே சர்வே எண் உள்ளது, பத்துப் பன்னிரண்டு சர்வே எண் உள்ளது என்று ஒவ்வொரு ரகத்திலும் கொஞ்சம் பொறுக்கி எடுப்பேன். தகராறு வரக்கூடிய இடமெல்லாம் இந்த முதல் சுற்றிலேயே தெரிந்துவிட வேண்டும்.

மென்பொருளை ஓட்டும் முன்பே, பத்திரம் படித்துப் பழகிய இரண்டு பேர் தனித்தனியாக அந்த நாற்பதையும் படித்து விடைகளை எழுதுவார்கள். மென்பொருள் தந்ததைப் பார்த்துக்கொண்டே சரிபார்த்தால், கண் அதற்கே ஒத்துப்போய்விடும். இருவரின் விடையும் ஒத்துப்போகாத இடங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உதாரணத்துக்கு, விற்பவர் என்ற கட்டம். உரிமையாளருக்காகப் பொது அதிகார முகவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் ஒருவர் முகவர் பெயரை எழுதினார், இன்னொருவர் உரிமையாளர் பெயரை. இருவர் செய்ததிலும் நியாயம் இருக்கிறது. கட்டத்தின் வரையறைதான் போதவில்லை. உரிமையாளர் தனி, கையெழுத்திட்டவர் தனி என்று பிரித்ததும் சிக்கல் தீர்ந்தது. தேதியும் அப்படித்தான். எழுதிய நாளும் பதிவான நாளும் வேறாக இருக்கலாம். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்பதுதான் 1908 பதிவுச் சட்டத்தின் பொது விதி. வெறுமனே தேதி என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

அதிகப் பாடுபடுத்தியது பரப்பளவு. சொத்து விவரத்தில் இப்படி ஒரு வரி வரும்: சர்வே எண் 112/3, ஏக்கர் 2.10, இதில் வடபுறம் 70 சென்ட். விற்றது 70 சென்ட் மட்டுமே. பரப்பளவு என்று ஒரே கட்டம் வைத்தால் முதலில் கண்ணில் படும் 2.10 உள்ளே போய்விடும். அப்புறம் அலகு. பழைய பத்திரங்களில் ஏக்கர், சென்ட்; பட்டாவைப் பார்த்து எழுதியவற்றில் ஹெக்டேர், ஏர்ஸ். 0.40.5 என்றால் 40.5 ஏர்ஸ், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இரண்டாவது புள்ளியை விட்டுவிட்டு 0.405 ஹெக்டேர் என்று படித்தாலும் விடை சரியாகவே வந்துவிடும். ஆனால் எழுத்தர் நடுவில் பூஜ்யம் போடாமல் 0.4.5 என்று எழுதியிருந்தால், அதாவது 4.5 ஏர்ஸ், அதே வழி 45 ஏர்ஸ் என்று பத்து மடங்காக்கிவிடும். அதனால் பத்திரத்தில் உள்ளதை உள்ளபடியே ஒரு கட்டத்திலும், மாற்றிய எண்ணை இன்னொன்றிலும் வைத்தோம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரிசை:

```json
{
  "survey_no": "112/3",
  "extent_full_raw": "ஏக்கர் 2.10",
  "extent_sold_raw": "70 சென்ட்",
  "extent_sold_cents": 70,
  "status": "found"
}
```

கடைசிக் கட்டத்தில் மூன்று விடைகளுக்கு மட்டும் இடம்: இருக்கிறது, பத்திரத்திலேயே இல்லை, இருக்கிறது ஆனால் படிக்க முடியவில்லை. மூன்றாவது வந்தால் ஆள் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவு இல்லாவிட்டால் மை கலைந்த எண்ணுக்குப் பதில் ஊகித்த எண் வந்து உட்கார்ந்துவிடும், அதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆக மொத்தம் என்று பத்திரத்தில் வரி இருந்தால், வரிசைகளின் கூட்டலை அதோடு ஒப்பிடுவோம்.

துல்லியத்தைக் கட்டம் கட்டமாகத்தான் எண்ண வேண்டும். ஆவண எண், ஊர்ப் பெயர் போன்ற எளிய கட்டங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விற்ற பரப்பில் உள்ள தவறுகள் அதில் மறைந்துவிடும். வெற்றாக விட்டதையும் தவறாக நிரப்பியதையும் நான் தனித்தனியாக எழுதுவேன். வெற்றிடத்தை ஆள் கவனித்து நிரப்பிவிடலாம், தவறான எண் அப்படியே போய்விடும்.

ஸ்கீமாவைத் திருத்தியபின் அதே நாற்பதில் சோதித்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும், அவற்றைப் பார்த்துத்தானே திருத்தினோம். பொறுக்கி எடுத்தவை என்பதால் மொத்தக் கட்டின் நிலையையும் அவை காட்டாது. ஆகவே அளப்பதற்கு, குலுக்கல் முறையில் புதிதாக நாற்பது எடுப்போம். அவற்றில் ஒரு தவறும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்றை எண்ணிக்கையால் வகுக்கும் வழக்கமான கணக்குப்படி, உண்மையான தவறு 7.5 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. ஆறாயிரம் பத்திரம் என்றால் 450. அந்த நாற்பதில் கையெழுத்துப் பத்திரம் பத்துதான் என்றால், அந்த ரகத்தில் தவறு 30 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். எங்கள் கட்டில் கால்வாசி கையெழுத்துப் பத்திரங்கள். அதனால் அவற்றில் விற்ற பரப்புக் கட்டத்தை மட்டும் முழுக்க ஆள் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து, மற்றவற்றை ஓடவிட்டோம்.