எதிர்ப்பு இருந்தும் ‘ஏகமனதாக’ என்று எழுதிவிட்டார்கள்: கூட்ட அறிக்கையில் ஒரு எதிர்ப்புக் குறிப்பை ஏற்ற வைத்த அனுபவம்

செயற்குழுவில் கையை உயர்த்தி எதிர்த்தாயிற்று, “என்னுடைய எதிர்ப்பைப் பதியுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லியும் ஆயிற்று. அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளர் அறிக்கையை வாசிக்கிறார்: “மேற்படி விடயம் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” தோட்டப் பக்கத்துச் சங்கங்களில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வசனம். முந்தைய மாத அறிக்கையைப் பார்த்து அப்படியே எழுதும்போது அந்தச் சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. எல்லா நேரமும் அதில் சூது இருப்பதில்லை. ஆனால் கணக்காய்வு வரும்போது அந்த ஒரு சொல், அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரையும் சேர்த்துக் கட்டிவிடும்.

எங்கள் சங்கம் ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். செயற்குழுவில் 9 பேர், அன்று வந்தவர்கள் 7 பேர். கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் வாடகைக்கு விடலாம் என்று கூடாரமும் கதிரைகளும் 480,000 ரூபாவுக்கு வாங்குவது ஆறாவது விடயம். மேசைக்கு வந்தது ஒரே ஒரு கடையின் விலைமனு. ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்கினால் மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்று எங்கள் பொதுச்சபையே முன்பு தீர்மானித்திருக்கிறது. வாக்கெடுப்பில் ஆதரவு 5, எதிர்ப்பு 1, நடுநிலை 1. அந்த ஒற்றை எதிர்ப்பு என்னுடையது. கூடாரம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, வாங்கும் விதத்தில்தான்.

பதியச் சொன்னதும் தலைவர் சொன்ன பதில்: “பெரும்பான்மை முடிவு செஞ்சாச்சு தம்பி. இனி அதுல எழுத என்ன இருக்கு?” இந்தக் கேள்விக்கு மறுமொழி தெரியாமல்தான் பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே கேட்கப்படுவது இரண்டு விடயங்கள், இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. இன்னார் எதிராக வாக்களித்தார் என்று எழுதுவது ஒன்று. ஏன் எதிர்த்தார் என்ற காரணத்தை எழுதுவது மற்றது. முதலாவது நடந்த சம்பவம். கூட்ட அறிக்கை என்பதே நடந்ததை எழுதுவதற்குத்தான், ஆகவே அதை மறுக்கத் தலைவருக்குப் பெரிய நியாயம் கிடைக்காது. காரணத்தின் நிலை வேறு. யார் என்ன பேசினார் என்பதெல்லாம் அறிக்கையில் வரவேண்டியதில்லை என்பது பொதுவான கூட்ட நடைமுறை. உபவிதியில் எழுதியிருந்தாலொழிய, காரணத்தையும் போடு என்று உரிமையாகக் கேட்க முடியாது, சபையின் சம்மதத்தோடுதான் ஏறும். எனவே கூட்டத்துக்குப் போகுமுன் உபவிதிப் புத்தகத்தில் கூட்டங்கள் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். அதில் ஒன்றுமே இல்லையென்றால் பெயரையும் வாக்கையும் உறுதியாகக் கேளுங்கள், காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே குரலில் கேட்டால் இரண்டும் சேர்ந்தே நிராகரிக்கப்படும்.

கேட்கும் நேரமும் முக்கியம். வாக்கெடுப்பு முடிந்த கையோடு, ஏழாவது விடயத்துக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும். தேநீர் குடிக்கும்போது செயலாளர் காதில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. வராதவர் அடுத்த மாதம் வந்து “எனக்கும் அதில் உடன்பாடில்லை, என் பெயரையும் போடுங்கள்” என்று கேட்க முடியாது. அவர் அன்று சமுகமளிக்கவில்லை என்பதுதான் பதிவு. நடுநிலை வகித்தவரும் பிறகு எதிர்ப்பாளராக மாற முடியாது. எங்கள் கூட்டத்தில் நடுநிலை வகித்தவர் அப்படித்தான் பிறகு வந்து கேட்டார், பாவம், இடம் இல்லை.

வாயால் சொல்வதோடு விட்டுவிடாமல் ஒரு துண்டில் எழுதி, திகதியும் கையொப்பமும் இட்டுச் செயலாளரிடம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கொடுக்குமுன் சபைக்குச் சத்தமாக வாசித்துவிடுங்கள். ஏறிய குறிப்பு இவ்வளவுதான்:

“தீர்மானம் 6க்கு நான் எதிராக வாக்களித்தேன். ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு மூன்று விலைமனுக்கள் பெறவேண்டும் என்ற பொதுச்சபைத் தீர்மானத்துக்கு மாறாக, ஒரு விலைமனு மட்டுமே சமர்ப்பிக்கப்பட்டது.”

இதில் தீர்மான இலக்கம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, எந்த விதி மீறப்பட்டது என்பது இருக்கிறது. ஆள் யாரும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் “கடைக்காரர் தலைவருக்குச் சொந்தம், அதையும் எழுது” என்று கிள்ளிக்கொண்டே இருந்தார். எழுதியிருந்தால் அது அவதூறு என்று சொல்லி முழுத் துண்டையும் தள்ளியிருப்பார்கள், தள்ளுவதில் நியாயமும் இருந்திருக்கும். சொந்தம் என்பது நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு. ஒரு விலைமனுதான் வந்தது என்பது மேசையில் கிடக்கும் கடதாசி, அதை யாரும் மறுக்க முடியாது.

துண்டின் பிரதி ஒன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று செயலாளரின் கையொப்பத்தையும் வாங்கி வைத்திருந்தேன். அடுத்த மாதம் அறிக்கையில் ‘ஏகமனதாக’ வந்தபோது கைகொடுத்தது அந்தப் பிரதிதான்.

கடந்த கூட்ட அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தும் நேரம்தான் திருத்தக் கிடைக்கும் வாசல். தலைவர் கையொப்பமிட்ட பிறகு எழும்பினால் தாமதம். இங்கே பேசக்கூடியது ஒன்றே: நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா. கூடாரம் வாங்கியது சரியா பிழையா என்று ஆரம்பித்தீர்களானால் “அது முடிஞ்ச கதை” என்று தலைவர் நிறுத்துவார், அவர் நிறுத்துவதும் சரியே. “தீர்மானம் 6இல் ‘ஏகமனதாக’ என்பதை நீக்கி, ‘ஆதரவு 5, எதிர்ப்பு 1, நடுநிலை 1, பெரும்பான்மை வாக்குகளால்’ என்று திருத்த முன்மொழிகிறேன்” என்று சொல்லி உட்கார வேண்டும். வழிமொழிய அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். தீர்மானத்தை ஆதரித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு வழிமொழிந்தவர் கூடாரத்துக்குக் கை உயர்த்திய ஐவரில் ஒருவர். “நான் வாங்கச் சொன்னவன்தான், ஆனா எல்லாரும் சொன்னாங்கன்னு எழுதுறது பொய்தானே” என்றார். அதற்குப் பிறகு தலைவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

திருத்துகிற விதத்திலும் கண் இருக்கட்டும். செயலாளர் உடனே வெள்ளை மை எடுத்தார். வேண்டாம். பிழையான சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, அது வாசிக்கக்கூடியதாகவே இருக்க, மேலே திருத்தத்தை எழுதி, ஓரத்தில் தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பமிட வேண்டும். அன்றைய கூட்ட அறிக்கையிலும் “கடந்த அறிக்கையின் தீர்மானம் 6 பின்வருமாறு திருத்தப்பட்டு உறுதிப்படுத்தப்பட்டது” என்று முழு வசனமாக வரவேண்டும். இரண்டு இடத்திலும் இருந்தால் ஒரு பக்கம் காணாமல் போனாலும் மற்றது பேசும். பக்க இலக்கமிட்ட சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதும் சங்கங்களில் இது சுலபம். கணினியில் அச்சடித்துக் கொப்பியில் ஒட்டும் சங்கம் என்றால், ஒட்டிய தாளின் விளிம்பில் பாதி தாளிலும் பாதி கொப்பியிலும் விழுமாறு தலைவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாளை நாளைக்கே உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம்.

இன்னொரு பொறி கையொப்பம். வரவுப் பதிவில் இடும் கையொப்பம் வந்ததற்கு மட்டும் சாட்சி. ஆனால் சில சங்கங்களில் அறிக்கையின் அடியிலும் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கும் வழக்கம் உண்டு. அங்கே வெறுமனே ஒப்பமிட்டால், அறிக்கையில் உள்ளதை ஏற்றுக்கொண்டதாகவே எடுப்பார்கள். மறுத்தால் வீண் சண்டை. ஒப்பத்துக்குப் பக்கத்திலேயே “தீர்மானம் 6க்கு எனது எதிர்ப்புடன்” என்று எழுதிவிட்டால் போதும்.

திருத்தத்தைக் கொப்பியில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு இழுத்தடித்தார்கள், கேட்கப் போனால் கொப்பி வீட்டில் இருக்கிறது என்றார்கள். சரி, மேலே போய்ச் சொல்வோம் என்று பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி ஹட்டன் வந்து கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரைத் தேடினால், அவர் வெளிக்களத்துக்குப் போயிருந்தார். மழையில் அலைந்தது வீண். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, அவர் இருக்கும் நாளை உறுதிசெய்துகொண்டே கிளம்புங்கள். பிறகு சந்தித்தபோது அவர் முதலில் கேட்டது கூட்ட அறிக்கையின் பிரதியை. அது கையில் இல்லை. எங்கள் துண்டுப் பிரதியைப் பார்த்துவிட்டு, “இது நீங்கள் கொடுத்ததற்குச் சாட்சி, சங்கம் என்ன எழுதியது என்பதற்கு இல்லை” என்றார். கறாரான பேச்சு, ஆனால் சரியான பேச்சு. கூடாரம் வாங்கியது சரியா என்று இந்தக் கட்டத்தில் அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார் என்பதும் அங்கே விளங்கியது.

கடைசியில் வேலை செய்தது கடிதம்தான். சங்கச் செயலாளருக்கு முகவரியிட்டு, கூட்டத் திகதி, தீர்மான இலக்கம், துண்டின் வாசகம், ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் ஆகியவற்றை எழுதி, அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்கும்படி கேட்டு, கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்குப் பிரதி என்று அடியில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். லய முகவரிக்குப் போகும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தங்கிப் போகக்கூடும் என்பதால், இன்னொரு பிரதியைக் கையிலும் கொடுத்து ஒப்பம் வாங்கினேன். கடிதம் வந்தால் ‘வந்த கடிதங்கள்’ என்ற விடயத்தின் கீழ் அது கூட்டத்துக்கு வந்தாக வேண்டும், அப்படி வந்ததும் அதுவே ஒரு பதிவு. அடுத்த கூட்டத்துக்குக் கொப்பி வந்தது, திருத்தமும் ஏறியிருந்தது.

ஏறிய குறிப்பு எதற்கு உதவும் என்பதில் மட்டும் அதிகமாக ஆசைப்படக்கூடாது. தீர்மானத்தை அது நிறுத்தாது. கூடாரம் வந்து இறங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், சங்கப் பணம் தவறாகச் செலவானால் பொறுப்பானவர்களிடமிருந்து அறவிடும் அதிகாரத்தைப் பதிவாளருக்குக் கொடுக்கிறது. யார் பொறுப்பு என்று தேடும் நாளில் இந்தக் குறிப்பு உங்களை வேறாகக் காட்டும். அதுவும் பிறகு நீங்கள் அந்தக் காரியத்தில் கை வைக்காதவரைதான். எதிர்த்தவரே பொருளாளராக இருந்து, மறுவாரம் அதே கடைக்குக் காசோலையில் ஒப்பமிட்டால் குறிப்பின் பலம் பாதியாகிவிடும். விதி மீறிய செலவு என்று நினைக்கும் பொருளாளர், ஒப்பமிடுமுன் அந்த ஆட்சேபனையைத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, மற்ற இரண்டு விலைமனுக்களையும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் பொருளாளர் அப்படிக் கேட்கவில்லை. விலைமனுக் கோவையில் இன்றைக்கும் அந்த ஒரு தாள்தான் இருக்கிறது.