டிஸ்ப்ளே மாற்றிய போனை விற்ற கதை: விலை, படம், வண்ணார்பேட்டைச் சந்திப்பு

குறையில்லாத போனை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். டிஸ்ப்ளே மாற்றிய போனை உள்ளதைச் சொல்லி விற்பதற்குத்தான் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. ஒருவழியாக விற்றாகிவிட்டது. அதே நிலையில் போன் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

போன் 2023இல் 19,000 ரூபாய்க்கு வாங்கியது. 6 ஜிபி ராம், 128 ஜிபி. கம்பெனியில் வந்தது அமோலெட் திரை. கீழே விழுந்து உடைந்ததும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் டச்சும் திரையும் சேர்ந்த காப்பி காம்போ போட்டது. இப்படிப்பட்ட காப்பியில் பெரும்பாலும் எல்சிடி திரைதான் இருக்கும். திரைக்கு அடியிலிருக்கும் கைரேகை சென்சார் அதோடு செத்துப்போகும். ஏனென்றால் அந்த சென்சார் திரையை ஊடுருவித்தான் விரலைப் பார்க்கிறது. எல்சிடிக்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் தகடு அந்த வழியை மறைத்துவிடும். சென்சார் கெடவில்லை, ஆனாலும் வேலை செய்யாது. கடையில் காம்போ போடும்போது இதை யாரும் சொல்வதில்லை. "இந்த வேலைக்கெல்லாம் பில் கிடையாது அண்ணாச்சி" என்று சொன்ன கடையில் வேறென்ன எதிர்பார்ப்பது?

இந்த ஒரு குறைதான் விலை, படம், பேரம் எல்லாவற்றையும் முடிவுசெய்தது.

முதலில் விலை. விளம்பரங்களில் அதே மாடலுக்கு 9,000 முதல் 11,500 வரை கேட்டிருந்தார்கள். இதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கேட்கிற விலை, போகிற விலை அல்ல. ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரத்துக்கு அந்த விலையில் ஆள் இல்லை என்றுதான் பொருள். புதிதாக வந்து நான்கைந்து நாளில் மறைந்துபோகும் விளம்பரங்களைக் கவனியுங்கள். அவை 9,500 பக்கமே நின்றன. அது மேல் எல்லை. கீழ் எல்லைக்குப் பழைய போன் வாங்கும் கடையில் ரொக்க விலை கேட்க வேண்டும். எக்சேஞ்ச் விலையைக் கேட்டால் புதுப் போனுக்கான போனஸையும் சேர்த்துச் சொல்லிக் குழப்புவார்கள். இந்தப் போனுக்குக் கடையில் சொன்ன ரொக்கம் 5,500.

இடையில் எங்கே நிற்பது? சர்வீஸ் சென்டரில் அசல் டிஸ்ப்ளேக்குச் சொன்ன விலை 5,000. அதை முழுசாகக் கழித்தால் 4,500தான் மிஞ்சும். கடைக்காரன் தருவதை விடக் குறைவு! வாங்குகிறவர் யாரும் அசல் திரை போடப்போவதில்லை, இப்படியே ஓட்டப்போகிறார். அதனால் கைரேகை இல்லாத தொந்தரவுக்கும் எல்சிடியில் கறுப்பு சாம்பலாகத் தெரிவதற்குமாக 2,000 கழித்தால் நியாயம். வந்தது 7,500. விளம்பரத்தில் 7,900 போட்டு, 7,200க்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு. இந்தக் கீழ் எல்லையை ஆள் எதிரே நிற்கும்போது யோசிக்கக் கூடாது, வீட்டிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது பில். இதுதான் அலைக்கழித்தது. வாங்கிய கடையில் போன் நம்பரைச் சொன்னால் பழைய பில்லைத் தேடி எடுக்க முடியும். ஆனால் கவுன்டரில் இருந்தவர் "சிஸ்டம் மாத்திட்டோம், பழசு வராது" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். மேனேஜர் வரும் நேரம் கேட்டுத் திரும்பப் போய், அட்டைப் பெட்டியிலிருந்த ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் காட்டிய பிறகு ரெண்டே நிமிடத்தில் வந்தது. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டருக்குள் போய் இறக்கிக்கொள்ளலாம்.

பில்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன் என்றால், போன் பின்னால் தொலைந்தால் அதை முடக்கச் சொல்லி மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் விண்ணப்பிக்கும்போது போலீஸ் புகாரோடு பில்லும் கேட்பார்கள். விவரம் தெரிந்தவர் பில் இல்லாத போனைத் தொடமாட்டார். `KYM` என்று அடித்து, ஓர் இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். நேரில் வரும்போது இதைச் செய்து பார்க்கச் சொல்லி நாமே சொல்லிவிட்டால் பேச்சு சுருங்கும். ஆனால் விளம்பரப் படத்தில் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள முகவரியும் தெரியக் கூடாது. காகிதத்தால் மறைத்து எடுங்கள்.

படத்துக்கு வருவோம். காலை வெயில் நேராக விழாத தார்சாவில், வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, முன், பின், நான்கு ஓரம், சார்ஜர் குழி. இது எல்லாருக்கும் தெரிந்ததே. குறையைக் காட்டும் படம்தான் முக்கியம். கீறலை நேர் மேலிருந்து எடுத்தால் விழாது. போனைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் கோணத்தில் எடுத்தால் ஒவ்வொன்றும் தெரியும்.

எல்சிடி திரை என்பதைப் படத்தில் காட்டுவது அதைவிடக் கஷ்டம். இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து எடுத்தால், எடுக்கிற கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. பக்கத்திலேயே அமோலெட் திரையுள்ள இன்னொரு போனில் அதே கறுப்புப் படத்தைத் திறந்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுக்க வேண்டும். அமோலெட் அணைந்தது போலக் கிடக்கும், எல்சிடி சாம்பல் பூத்து ஒளிரும். பழைய போன் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான்.

பேட்டரியைப் பற்றி "சூப்பர் பேக்கப்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. அளந்து எழுதினால் நம்புகிறார்கள். கடைசியில் போட்ட விளம்பரம் இதுதான்:

"6/128 ஜிபி, 2023இல் வாங்கியது. பில், பெட்டி, அசல் சார்ஜர் உண்டு. டிஸ்ப்ளே மாற்றியது, காப்பி எல்சிடி. கைரேகை வேலை செய்யாது, பின் நம்பர் போட்டுத்தான் திறக்க வேண்டும். கறுப்பு சாம்பலாகத் தெரியும் (5ஆவது படம்). கீழ் இடது மூலையில் அடி (6ஆவது படம்). பாதி வெளிச்சத்தில் 1 மணி நேரம் வீடியோ ஓட்டினால் 14 சதவீதம் இறங்குகிறது. கேமரா, ஸ்பீக்கர், மைக், இரண்டு சிம்மும் சரி. விலை 7,900. வண்ணார்பேட்டையில் பகலில் பார்க்கலாம். கூரியர் இல்லை, அட்வான்ஸ் வேண்டாம்."

குறையை முதலிலேயே எழுதினால் விசாரிப்பு குறையும், உண்மைதான். அப்படியும் எழுதத்தான் வேண்டும். நேரில் வந்து பேரம் பேசுகிறவரின் ஒரே ஆயுதம், அங்கே வைத்து "கண்டுபிடிக்கிற" குறை. "என்ன அண்ணாச்சி, பிங்கர் வேலை செய்யல?" என்று முகத்தைச் சுளித்து ஆயிரத்தைக் கழிப்பார். விளம்பரத்திலேயே இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

விசாரிப்புகளில் பாதி "லாஸ்ட் ரேட்டு?" என்ற ஒற்றை வரி. "நேரில் பார்த்த பிறகு பேசலாம்" என்பதே பதில். போனைப் பார்க்காதவரிடம் இறங்கிய விலை, பார்க்க வரும்போது அவருக்குத் தொடக்க விலையாகிவிடும்.

ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகவும், ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்றும், பணத்தை இப்போதே அனுப்புவதாகவும் சொல்லி, கியூஆர் படம் ஒன்றை அனுப்பினார். பழைய வேலை. பணம் வாங்க நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, யுபிஐ பின்னும் போட வேண்டியதில்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். யாராவது மாட்டிக்கொண்டால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே போன் அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

இன்னொருவர் அம்பாசமுத்திரம். "பாதி வழி வாங்க, சேரன்மாதேவில பாத்துக்கிடலாம்" என்றார். போனால், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "6,000 தாரேன், இவ்வளவு தூரம் வந்துட்டீங்கல்லா" என்கிறார். பாதி வழி வரச் சொல்வதே இதற்குத்தான். பஸ் காசு செலவழித்தவன் வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் கொடுத்துவிடுவான் என்ற கணக்கு. கொடுக்கவில்லை. போன பொழுது போனதுதான். வாங்குகிறவர்தான் நம் பக்கம் வர வேண்டும், அதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

சந்திக்கும் இடமாகப் பணம் போடும் இயந்திரம் உள்ள வங்கிக் கிளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கேமரா இருக்கும், காவலாளி இருப்பார், ரொக்கம் தந்தால் அங்கேயே கணக்கில் போட்டுவிடலாம். சந்தேக நோட்டை இயந்திரம் கணக்கில் ஏற்றாது. வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

போகுமுன் போனைத் தயார் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூகுள் கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் திரும்பப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். வாங்கியவர் இரவில் கூப்பிட்டுக் கத்துவது இதனால்தான். `Settings`-க்குள் போய் முதலில் கணக்கை நீக்க வேண்டும், பிறகு அங்கிருந்தே `Factory data reset`. வீட்டிலேயே இதைச் செய்து, கணக்கு எதையும் போடாமல் திரும்ப அமைத்து எடுத்துப் போனால், வருகிறவர் தன் சிம்மைப் போட்டுக் கால், கேமரா, வைஃபை எல்லாம் பார்க்கலாம். நம் படங்களும் அவர் கையில் சிக்காது. ரீசெட்டுக்கு முன் யுபிஐ ஆப்புகள் புதுப் போனுக்கு மாறிவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வாங்கியவர் மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். விளம்பரத்தை வரிக்கு வரி சரிபார்த்தார், `*#06#` அடித்து இரண்டு ஐஎம்இஐயையும் பெட்டியோடு ஒப்பிட்டார். "தம்பி, குறை எல்லாம் எழுதியிருக்கேன், பாத்துக்கோங்க" என்றதும் 7,000 கேட்டு, 7,400க்கு முடித்தார். நம் கியூஆரை அவர் ஸ்கேன் செய்தார். அவர் திரையில் வந்த பச்சை டிக்கைப் பார்த்துப் போனை நீட்டிவிடக் கூடாது, அதே மாதிரி காட்டுகிற போலி ஆப் இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸும் போதாது. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகே கைமாற்ற வேண்டும்.

விற்பனைச் சீட்டு ஒன்றை இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தேதி, நேரம், மாடல், இரண்டு ஐஎம்இஐ, தொகை, இருவர் பெயர். கூடவே அவருடைய அடையாள அட்டை நகல். ஆதார் தரத் தயங்கினால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும். பில்லில் இருப்பது நம் பெயர். அந்தப் போனை வைத்து யாராவது வில்லங்கம் செய்தால் போலீஸ் முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

விளம்பரத்தை அன்றைக்கே நீக்கிவிட்டு, கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் அந்தப் போன் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் அங்கிருந்தும் வெளியேற்றிவிடுங்கள்.