மருந்து இருந்தும் கொடுக்காத அந்த முடிவு

"என்ன நோய்னு தெரிஞ்சுபோச்சு, மருந்தும் இருக்குன்றீங்க, அப்புறம் ஏன் தர மாட்டேன்றீங்க டாக்டர்ஜி?" என்று இமாச்சலின் காங்க்ராவில் ஒரு மாமியார் கேட்டார். மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

புல் அறுக்கையில் விரலில் முள் குத்தி, சில வாரம் கழித்து அங்கே ஆறாத புண். அதிலிருந்து முழங்கை வரை, நிணநீர் போகும் தடத்திலேயே நாலு கட்டிகள். கீழே இருந்தவை உடைந்து பொருக்குத் தட்டியிருந்தன. மேலே இருந்தவை தொட்டால் கெட்டியாக உருண்டன. காய்ச்சல் இல்லை, வலியும் அதிகமில்லை. ஏற்கெனவே சாப்பிட்ட ஆன்டிபயாடிக் எதுவும் கேட்கவில்லை.

ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் என்று பார்த்ததுமே தோன்றியது. ஆனால் இமாச்சலில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வரும் தோல் நோயும் உண்டு, அதுவும் சில சமயம் இப்படி வரிசையாக ஏறும். அதனால் திசு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்க கல்ச்சருக்கு அனுப்பினோம். இந்தப் பூஞ்சை திசுவில் மிகக் குறைவாகவே இருக்கும், நேரடியாகத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. கல்ச்சரில் வெளுப்பாக வளர்ந்து பிறகு கறுத்தது. மைக்ராஸ்கோப்பில் மெல்லிய காம்பு நுனியில் பூவிதழ் போல வித்துகள். சந்தேகமே இல்லை.

கர்ப்பமில்லை என்றால் இட்ராகொனசோல் தினம் 200 மில்லிகிராம், மூன்று முதல் ஆறு மாதம். வசதியில்லாதவர்களுக்கு பொட்டாசியம் அயோடைடு சொட்டு. இங்கே இரண்டும் ஆகாது. அயோடைடு சிசுவின் தைராய்டைக் கெடுக்கும், இட்ராகொனசோலில் சிசுவுக்கு ஆபத்து இருக்கலாம். ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து கொடுக்கலாம்தான், ஆனால் அது நரம்பில் ஏற்றுவது, சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது. கையோடு நிற்கிற நோய்க்கு அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பத்தால் இந்த நோய் முற்றுவதில்லை, வயிற்றுக் குழந்தைக்கும் பரவுவதில்லை. எனவே பிரசவம்வரை பொறுக்கலாம் என்றேன். அதுவரை வெந்நீர்ப் பை, தோல் பொறுக்கிற சூட்டில், தினமும். உடல் சூட்டுக்கு மேலே போனால் இந்தப் பூஞ்சை வளரத் திணறும்.

சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதுவரை பேசாமலிருந்த அந்தப் பெண் கேட்டாள்: "பிறந்த பிறகு பால் கொடுக்கணுமே, அப்பவும் இதேதானா?" இரண்டு மருந்தும் தாய்ப்பாலில் கலக்கும். "அப்போது பார்ப்போம்" என்றேன். அது பொய்யில்லை, பிரசவத்தில் நாள் கணக்கு முடியும் என்று நம்பியிருந்தவளுக்கு பதிலும் இல்லை. அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் பயந்து நாட்டு மருந்துக்குப் போயிருப்பாளோ? தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருந்ததே என்றும் தோன்றுகிறது.

எட்டாம் மாதம் வந்தபோது புதிதாக ஒரு கட்டி, அதுவும் முழங்கைக்குக் கீழேதான். பழையதில் இரண்டு அமுங்கியிருந்தன. வெந்நீர்ப் பை வேலை செய்ததா, நோயே மெதுவாக நகர்கிறதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாமியார் மறுபடி மருந்து கேட்டார். மறுபடி மறுத்தேன்.