மொழிபெயர்ப்பாளர் வழியாக மருந்து விளக்கும் தேர்வு: மாணவர்களை எப்படித் தயார் செய்கிறேன்

மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வில், வேறு மொழி பேசும் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கும் பகுதிக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். நோயாளியைப் பார்த்துப் பேசுவது, 'அவரிடம் கேளுங்கள்' என்று சொல்லாமல் நேரடியாகக் கேட்பது, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவது எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். மதிப்பெண் போவது வேறு இடத்தில்.

நான் வைக்கும் பயிற்சி இது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், வாரம் 15 மில்லிகிராம். 2.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு, எல்லாம் ஒரே நாளில். மாணவர் "வாரத்துக்கு ஆறு மாத்திரை" என்பார். மொழிபெயர்ப்பாளரும் அதை அப்படியே சொல்வார். நோயாளியாக நடிப்பவருக்கு நான் முன்பே சொல்லிவைத்திருப்பது: தினம் ஒன்று, ஞாயிறு மட்டும் கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "புரிந்ததா?" என்றதும் தலையாட்டுவார். மாணவர் நன்றி சொல்லி எழுந்துவிடுவார். தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

இங்கே மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை, மாணவரின் வாக்கியத்தில்தான். அதனால் அதை உடைத்துச் சொல்லச் சொல்கிறேன்: "இந்த மருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். உங்களுக்கு எந்த நாள் வசதி? திங்களா? சரி, திங்கட்கிழமை ஆறு மாத்திரையும். மற்ற நாட்களில் இதில் ஒன்றுகூட வேண்டாம்." ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் சாப்பிடும் விஷயத்தை, இது பதிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். இரண்டு மாத்திரையையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆள் இல்லாத வகுப்பை நான் பார்த்ததில்லை!

அப்புறம் திருப்பிச் சொல்ல வைப்பது. "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். வீட்டில் எந்த நாளில் எத்தனை சாப்பிடுவீர்கள், இந்த நாட்காட்டியில் காட்டுங்கள்." விரல் ஒரே கட்டத்தில் நிற்காமல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால் உடனே தெரிந்துவிடும், மொழி தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலையும் வேண்டுமென்றே வைப்பேன். நோயாளி நீளமாக ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் "சரியாம்" என்று முடித்துவிடுவார். பலர் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறார்கள். "அவர் சொன்னதை முழுதாக அப்படியே சொல்லுங்கள்" என்று தன்மையாகக் கேட்டால் போதும். தொடங்கும் முன்பே, 'எல்லாவற்றையும் மொழிபெயருங்கள், நான் பேசுவது புரியாவிட்டால் என்னை நிறுத்துங்கள்' என்று சொல்லிவைத்தவருக்கு இந்தக் கேள்வி எளிதாக வரும். கூட வந்த மகளே மொழிபெயர்க்கிறேன் என்றால், அன்போடு மறுத்துவிட்டு உடன் இருக்கச் சொல்லலாம்.

எட்டு நிமிடத் தேர்வு என்றால் கடைசி இரண்டு நிமிடம் திருப்பிச் சொல்ல வைப்பதற்கே. விளக்கம் முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் கை வைக்க விடமாட்டேன். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த வேளை மருந்தைச் சாப்பிடாமல் உடனே தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் நோயாளி தன் வாயால் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.