சந்தைப்படுத்தல் வாய்மொழிப் பரீட்சை: ஒரு தோசைமாப் பக்கெட்டை வைத்துப் பதில் சொன்ன கதை

கொழும்பில் மாலை வகுப்பில் சந்தைப்படுத்தல் டிப்ளோமா படித்தபோது முதல் வாய்மொழிப் பரீட்சையில் எனக்குப் புள்ளி குறைந்தது. வரைவிலக்கணங்கள் எல்லாம் மனப்பாடம். உதாரணம் கேட்டபோது பெரிய வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பனி ஒன்றைச் சொன்னேன். "சரி, அவர்கள் சின்னப் போத்தலை ஏன் விற்கிறார்கள்?" என்று பரீட்சகர் கேட்டார். தெரியவில்லை. நமக்கு உள்ளே தெரியாத ஒரு வியாபாரத்தை உதாரணமாகச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவோம்.

அடுத்த தடவை ஒரே ஒரு பொருளைத்தான் கொண்டுபோனேன்: வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அன்ரி வீட்டில் அரைத்துக் கடைகளுக்குப் போடும் தோசைமாப் பக்கெட். எல்லாக் கேள்விக்கும் அதிலிருந்தே பதில் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் கேள்விகள்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி பெரும்பாலும் விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான். அரைத்த மாவை எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பது விற்பனை. யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு மா வேண்டும் என்று அறிந்து அதற்கேற்ப அரைப்பதில் தொடங்குவது சந்தைப்படுத்தல். அன்ரி முதலில் ஒரு கிலோப் பக்கெட் மட்டும் போட்டாராம். மூன்று பேர் உள்ள வீட்டில் அதில் பாதி மறுநாள் புளித்துப்போகிறது என்று கடைக்காரர் சொன்ன பிறகு அரைக்கிலோவுக்கு மாறினார். இதைச் சொன்னதும் பரீட்சகர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு சின்ன மாற்றமும் அதற்கான காரணமும் சேர்ந்தால் விடை போதும்.

அடுத்தது தேவை, விருப்பம், கேள்வி மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே கேள்வி என்பது வினா இல்லை, டிமாண்ட். பசி தேவை. அந்தப் பசிக்குத் தோசைதான் வேண்டும் என்பது விருப்பம், அது வளர்ந்த இடத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. பக்கெட்டுக்குக் காசு கொடுக்கவும் முடிந்து மனமும் வந்தால் அது கேள்வி. இங்கே ஒரு பொறி உண்டு. "அன்ரி தேவையை உருவாக்குகிறாரா?" என்று கேட்பார்கள். இல்லை, பசி ஏற்கனவே இருக்கிறது. அவர் விருப்பத்தைத் தன் பக்கம் திருப்புகிறார், அவ்வளவுதான். அப்புறம், வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்றும் கேட்கலாம். உழுந்து ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் கழுவும் வேலை இல்லாமல் போவதைத்தான் வாங்குகிறார். மா அதற்கு ஒரு வழி.

இனி சந்தைத் துண்டமாக்கல், அதாவது வாங்குபவர்களைக் குழுக்களாகப் பிரிப்பது. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "உங்கள் பொருளை யாருக்கு விற்பீர்கள்?" என்று கேட்டால் "எல்லோருக்கும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதைச் சொன்னால் அடுத்த பத்து நிமிடமும் சிரமம். புவியியல், குடித்தொகை, உளவியல், நடத்தை என்று நான்கு அடிப்படைகளை ஒப்புவித்தால் மட்டும் போதாது. இந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்று தெரிவுசெய்து சொல்ல வேண்டும்.

தோசைமாவுக்கு வயதோ வருமானமோ பெரிதாக உதவாது, எப்போது எப்படி வாங்குகிறார்கள் என்பதுதான் பிரிக்கிறது என்றேன். வேலை முடிந்து காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாலை ஆறரைக்குப் பிறகு அரைக்கிலோ வாங்குபவர்கள் ஒரு துண்டம். போர்டிங்கில் தங்கிப் படிப்பவர்கள் இன்னொன்று. அவர்களுக்குப் பிரிட்ஜ் இல்லை, ஒரு வேளைக்குத்தான் வேண்டும். சின்னச் சைவக் கடைகள் மூன்றாவது; அவர்கள் வாளிக் கணக்கில் எடுத்து விலையைத்தான் பேசுவார்கள். மூன்றையும் ஒரே பக்கெட்டால் திருப்திப்படுத்த முடியாது. அதனால் முதல் துண்டத்தை இலக்குச் சந்தையாக எடுத்தேன். "ஏன்?" என்று கேட்டார். தினமும் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ண முடிகிறது, வியாபாரத்துக்குப் போதிய ஆட்கள் இருக்கிறார்கள், நான்கைந்து கடைகளில் வைத்தாலே அவர்களைச் சென்றடையலாம். இந்த மூன்று காரணங்களையும் எந்தப் பொருளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். வாங்குபவர் மனதில் நம் பொருளுக்கு ஓர் இடம் பிடிப்பதுதான் நிலைநிறுத்தல். அதற்கு ஒரே வரி: "இன்று காலை அரைத்தது." பக்கெட்டில் திகதி எழுதியிருந்தால்தான் அதை நம்புவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சந்தைப்படுத்தல் கலவையில் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற நான்கையும் அமெரிக்கப் பேராசிரியர் மக்கார்த்தி 1960இல் வகுத்தார். மேம்படுத்தல் என்பது பொருளை மக்களுக்குத் தெரியப்படுத்தி வாங்கத் தூண்டுவது. பெயரும் ஆண்டும் அதற்கு மேல் வேண்டியதில்லை. நான்கும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதைக் காட்டுவதுதான் முக்கியம். இடம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெயிலில் வெளியே வைத்த பக்கெட் சில மணி நேரத்தில் பலூன் மாதிரி ஊதிவிடும். ஆகவே பிரிட்ஜ் உள்ள கடைக்குத்தான் போட முடியும். மாவின் தன்மையே எந்தக் கடை என்று தீர்மானித்துவிடுகிறது.

விலையில் எனக்கு வந்தது கணக்கு. எண்களை நானே எடுத்துக்கொண்டேன். கடைக்கு 200 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், கடைக்காரர் 250க்கு விற்கிறார். அவருக்குக் கிடைக்கும் 50 ரூபாய் விற்பனை விலையில் 20 வீதம், கொள்விலையில் 25 வீதம். எதன்மேல் வீதம் என்று சொல்லாமல் "20 வீதம்" என்றால் தவறு பிடிப்பார்கள்.

பிறகு, "விலையைக் குறைத்தால் என்ன நடக்கும்?" என்றார். "அதிகம் விற்கும்" என்பது அரை விடை. ஒரு பக்கெட்டுக்குச் செலவு 140 என்றால் நமக்கு மிஞ்சுவது 60. விலையை 10 வீதம் குறைத்து 180க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 40. முன்பு 100 பக்கெட்டில் வந்த 6,000 ரூபாய் இப்போது வர 150 பக்கெட் விற்க வேண்டும். 10 வீதக் குறைப்புக்கு 50 வீதம் கூடுதல் விற்பனை! வீட்டுக் கிரைண்டரில் அவ்வளவு அரைக்க முடியுமா, கடைக்காரர் அந்தக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுப்பாரா என்று நானே இரண்டு கேள்வியைப் போட்டேன். அந்த இடத்தில்தான் நல்ல புள்ளி கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சின்னக் கேள்விகள் சில வேகமாக வரும். வாடிக்கையாளரும் நுகர்வோரும் ஒருவரா? எப்போதும் இல்லை, பால்மாவை வாங்குவது அம்மா, குடிப்பது பிள்ளை. விளம்பரமும் மேம்படுத்தலும் ஒன்றா? விளம்பரம் மேம்படுத்தலின் ஒரு பகுதி. கடை வாசலில் சுட்ட ஒரு துண்டுத் தோசையைச் சுவைக்கக் கொடுப்பதும் மேம்படுத்தல்தான், ஆனால் அது விளம்பரம் இல்லை. சேவைக்குக் கலவையில் நான்குக்குப் பதிலாக ஏன் ஏழு என்று கேட்டால், ஆட்கள், செயன்முறை, கண்ணால் காணும் சான்று ஆகிய மூன்றையும் சேர்த்து, பேச்சை மாவிலிருந்து சலூனுக்கு மாற்றிவிடுங்கள். முடிவெட்டுவதை முன்கூட்டி வெட்டிப் பிரிட்ஜில் வைக்க முடியாது. அதனால் வெட்டுகிறவரின் கை, காத்திருக்கும் முறை, கண்ணாடியும் துவாயும் சுத்தமாக இருப்பது எல்லாமே வாங்குபவருக்குப் பொருளாகிவிடுகின்றன.

உங்கள் பொருள் தோசைமாவாக இருக்க வேண்டியதில்லை. பரீட்சைக்கு முதல் வாரம் உங்கள் தெருவில் ஒரு கடைக்காரரிடம் போய், எது மிஞ்சுகிறது, எது திரும்பி வருகிறது, எந்த நேரத்தில் யார் வாங்குகிறார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நான் பேசிய கடைக்காரர் ஊதிப்போன பக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதுக்கு யார் காசு தாறது, அதையும் கேட்டுக்கொண்டு போங்கோ பிள்ளை" என்றார். பரீட்சகரும் கடைசியாக அதையேதான் கேட்டார். காலையில் போட்டதில் விற்காததை மறுநாள் அன்ரியே திருப்பி எடுத்துக்கொள்கிறார், அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் 140 ரூபாய்ச் செலவைப் போட்டேன் என்றேன்.